எருக்குழியும் பாறைக்குழியும்

நெருப்பெரிச்சலில் என் அப்புச்சியின் தோட்டத்தில் கட்டுத்தறிக்கும் எருக்குழிக்கும் நடுவே இருபது எட்டு இருக்கும். விடிந்ததும் அம்முச்சி சாணியைக் கூடையில் வாரிக்கொண்டு போய்க் குழியில் கொட்டுவார். அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த சோளத்தட்டு, வாசலில் கூட்டிய வேப்பஞ்சருகு, விசேஷ நாளில் சாப்பிட்டு எறிந்த வாழையிலை எல்லாம் அதன்மேல் விழும். கிழிந்த வேட்டி முதலில் கரித்துணியாகும், பிறகு விளக்குத் திரியாகும். உடைந்த சட்டி வேலியோரம் போகும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். குப்பை வண்டி என்று ஒன்று அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. 1970களின் கடைசியில், பள்ளி விடுமுறைகளில் நான் பார்த்த நெருப்பெரிச்சல் அது.

சித்திரையில் மழை இறங்குவதற்கு முன்னால் குழியை வெட்டுவார்கள். மேலே ஒரு முழம் காய்ந்த குப்பை இருக்கும். அதற்குக் கீழே கறுத்து, ஈரமாக, கையில் எடுத்தால் உதிர்கிற எரு. ஏக்கருக்குப் பத்து வண்டி அடித்தால் போதும் என்பது அப்புச்சியின் கணக்கு. அந்த எருவில் விளைந்த சோளத்தின் தட்டு மறுபடியும் கட்டுத்தறிக்கு வரும். குப்பை பிறந்த இடத்துக்கும் அது மண்ணாகும் இடத்துக்கும் இருந்த தூரம், கட்டை வண்டி போய்த் திரும்பும் ஒரு கூப்பிடு தூரம்தான்.

இன்று பூலுவபட்டியிலிருந்து நெருப்பெரிச்சலுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள், பிரிண்டிங் பட்டறைகள், மளிகைக் கடைகள், லைன் வீடுகள். விடியற்காலையில் பேட்டரி வண்டி வருகிறது. வண்டிக்காரர் ஊதலை ஊதுகிறார், ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஆட்கள் ஓடிவந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நான் நின்று பார்த்த ஒரு பையின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. பழைய சோறு, முட்டை ஓடு, பால் கவர், தக்காளி, ஒரு குழந்தையின் டயப்பர், லைக்ரா நாடா ஒரு கொத்து, உடைந்த கண்ணாடி டம்ளர். அம்முச்சியின் கூடையில் இருந்ததைவிட எடை அதிகமில்லை. ஆனால் அந்தக் கூடைக்குள் இருந்த எல்லாமே ஒரே குழியில் மக்கும். இந்தப் பைக்குள் இருப்பவை எல்லாம் ஒரே இடத்துக்குப் போக முடியாது.

அன்றைய நகரங்களும் குப்பையை வெறுமனே கொட்டிவிடவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். குப்பை போய்ச் சேரும் இடத்துக்குத் தமிழக நகராட்சிகள் வைத்த பெயர் உரக்கிடங்கு. அது அலங்காரத்துக்கு வைத்த பெயர் இல்லை. 1930களின் கடைசியில் பெங்களூரில் சி.என்.ஆச்சார்யா என்ற வேதியியலாளர் ஒரு முறையை வகுத்தார். மூன்றடி ஆழத்தில் நீளமான குழிகள் வெட்டி, தெருக்குப்பை ஒரு படுகை, அதன்மேல் மனிதக் கழிவு ஒரு படுகை என்று மாற்றி மாற்றி நிரப்பி, மேலே மண் பூசி மூடிவிடுவது. காற்றுப் புகாமல் ஆறேழு மாதத்தில் அது உரமாகும். உணவுப் பஞ்சம் நிலவிய 1940களில் அரசே இந்த முறையை நகராட்சிகளுக்குப் பரப்பியது. உழவர்கள் வண்டியோடு வந்து விலைக்கு வாங்கிப் போனார்கள். அந்த மனிதக் கழிவைத் தலையில் சுமந்தவர்கள் யார், என்ன சாதியைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்பதையும் சேர்த்தே அந்தக் காலத்தை நினைக்க வேண்டும். அந்தச் சுமை ஒழிந்தது பெரிய லாபம், அதில் எனக்கு ஏக்கம் எதுவும் இல்லை. ஆனால் சுமை போனதோடு குழியும் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று உரக்கிடங்கு என்று பலகை வைத்த இடங்கள் பலவற்றில் உரம் இல்லை.

திருப்பூருக்கு இன்னொரு பழைய வித்தையும் உண்டு, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பனியன் துணியை வெட்டும்போது விழுகிற துண்டு இந்த ஊரில் குப்பைக்குப் போகாது. கட்டிங் வேஸ்ட் வாங்குகிறவர்கள் எடைக்கு எடுத்துப் போவார்கள். குடோன்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வெள்ளை தனி, கலர் தனி, கலரிலும் சிவப்பு தனி நீலம் தனி என்று பிரிப்பார்கள். நல்ல பருத்தித் துண்டுகளை எந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி, ஓ.இ. மில்களில் மீண்டும் நூலாக்குகிறார்கள். பெரிய துண்டுகள் எந்திரம் துடைக்கும் துணியாகின்றன. சட்டம் எதுவும் சொல்லாமலே தரம் பிரிப்பது நடக்கிறது, ஏனென்றால் பிரித்தால் விலை ஏறுகிறது. வெள்ளைப் பருத்தி பனியன் மட்டும் தைத்த காலத்தில் கழிவும் முழுக்கப் பருத்தியாக இருந்தது. இன்று லைக்ரா கலந்த துணி, பாலியஸ்டர் கலந்த துணி, மேலே பிளாஸ்டிக் போல ஒட்டும் பிரிண்ட் எல்லாம் உண்டு. இவற்றைப் பிய்த்தால் பஞ்சு வராது, விற்றால் விலை வராது. விலை இல்லாத துண்டு அன்றிரவே பேட்டரி வண்டிக்கான பைக்குள் போய்விடுகிறது. எது குப்பை என்பதைத் தீர்மானிக்கும் கோடு அழுக்குக்கும் சுத்தத்துக்கும் இடையே ஓடவில்லை, கலந்ததற்கும் கலக்காததற்கும் இடையேதான் ஓடுகிறது என்று இந்த ஊர் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

1917இல் நகராட்சியான திருப்பூர் 2008இல் மாநகராட்சியானது. அப்போது அதன் பரப்பு 27 சதுர கிலோமீட்டர். 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்தபோது ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த ஊராட்சிகளில் நெருப்பெரிச்சலும் ஒன்று. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி பழைய எல்லைக்குள் 4.44 லட்சம் பேர் இருந்தார்கள். புதிய எல்லைக்குள் 8.77 லட்சம் பேர். ஊர்க்காரர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் வரும் என்ற நம்பிக்கை இருந்தது, அவை ஓரளவு வரவும் செய்தன. ஆனால் குப்பையைப் பொறுத்தவரை அந்த ஒரு நாளில் நடந்தது வேறு. ஊருக்கு வெளியே என்று நகரம் எதைச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அது ஊருக்குள் வந்துவிட்டது.

வெளியே இருந்தபோது நெருப்பெரிச்சல் பக்கமும் பொங்குபாளையம், முதலிபாளையம் பக்கமும் நகரத்துக்குக் கொடுத்தவை கல்லும் ஜல்லியும். கம்பெனிக் கட்டடங்களும் தார்ச்சாலைகளும் எழும்ப எழும்ப இங்கே பூமி இறங்கியது. வேட்டு வைக்கும்போது அப்புச்சி வீட்டு ஓடு அதிரும், கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும் காகமெல்லாம் எழுந்து பறக்கும். குத்தகை முடிந்து கிரஷர்காரர்கள் போனபின் மிஞ்சியவை பாறைக்குழிகள். செங்குத்தான கருங்கல் சுவர்கள், அடியில் பச்சையாகத் தேங்கிய ஊற்றுத்தண்ணீர். குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி கொங்கு நாட்டில் ஆண்டுதோறும் வரும். ஆகவே குழியை மூடினால் நல்லது என்ற எண்ணம் ஊர்க்காரர்களுக்கே இருந்தது. குப்பை போட இடம் தேடிய நகரத்துக்கும் அது வசதியாயிற்று. நிலம் வாங்க வேண்டாம், குழி வெட்ட வேண்டாம், சுற்றுச்சுவர் ஏற்கெனவே பாறையாக நிற்கிறது. பல ஆண்டுகளாகத் திருப்பூரின் குப்பை ஒரு பாறைக்குழியிலிருந்து இன்னொரு பாறைக்குழிக்கு நகர்ந்து வந்திருக்கிறது.

ஒரு குழி எத்தனை நாள் தாங்கும் என்று நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நூறு மீட்டர் நீளம், எண்பது மீட்டர் அகலம், இருபத்தைந்து மீட்டர் ஆழம் என்று ஒரு குழியை வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சம் கன மீட்டர் கொள்ளும். அழுந்தி இறுகிய குப்பை கன மீட்டருக்கு முக்கால் டன்னுக்குச் சற்று மேலே எடை இருக்கும். அதாவது ஒரு லட்சத்து அறுபதாயிரம் டன். பத்தாயிரம் பேர் வாழ்கிற பழைய ஊராட்சி நாளுக்கு இரண்டு டன் போட்டால் அந்தக் குழி இருநூறு ஆண்டுக்கு மேல் வரும். இன்றைய திருப்பூரின் குப்பை நாளொன்றுக்கு 600 முதல் 800 டன் வரை என்று சொல்லப்படுகிறது. 700 என்று வைத்தால் அதே குழி ஏழரை மாதத்தில் நிரம்பிவிடும். மூன்று தலைமுறை கல் உடைத்து உண்டாக்கிய பள்ளம், ஒரு தைப்பொங்கலுக்கும் அடுத்த ஆவணிக்கும் இடையில் தீர்ந்துவிடுகிறது.

இடம் தீர்வது ஒரு குறை. பாறைக்குழி குப்பைக்குப் பொருந்தாத இடம் என்பது அதைவிடப் பெரிய குறை, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முறையான நிலநிரப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. அடியில் 90 சென்டிமீட்டர் கெட்டியான களிமண், அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேலே கசிவுநீரைச் சேர்த்து வெளியே எடுக்கும் குழாய்கள். நிலத்தடி நீர்மட்டம் இந்த அடித்தளத்துக்குக் குறைந்தது இரண்டு மீட்டர் கீழே இருக்க வேண்டும். குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அங்கேயும் எல்லாவற்றையும் கொட்டக் கூடாது, மக்கவும் மறுபடி பயன்படவும் முடியாத மிச்சம் மட்டுமே போக வேண்டும்.

பாறைக்குழியில் இவற்றைச் செய்வது எளிதல்ல. செங்குத்துச் சுவரில் களிமண் தானாக நிற்காது, விரிப்பைப் பொருத்துவது பெரும்பாடு. அடியில் இருப்பது நிலத்தடி நீரேதான், இரண்டு மீட்டர் இடைவெளிக்கு அங்கே இடமில்லை. கருங்கல் தண்ணீர் விடாது என்று நாம் நினைக்கிறோம். திண்ணையில் போட்ட கல்லுக்கு அது சரி. பூமிக்குள் இருக்கும் பாறையில் இயற்கையாகவே பிளவுகள் ஓடுகின்றன, நம் ஊரின் ஆழ்துளைக் கிணறுகளெல்லாம் அந்தப் பிளவுகளை நம்பித்தான் இருக்கின்றன. பல ஆண்டு வேட்டு வைத்ததில் குழியைச் சுற்றிய பிளவுகள் இன்னும் அகன்றிருக்கும். மண் என்றால் தண்ணீர் மெல்ல ஊறி, வழியில் ஓரளவு வடிகட்டப்பட்டுப் போகும். பிளவில் வடிகட்டல் இல்லை, குழாயில் போவது போலப் போகும். எந்தத் திசையில் எந்தக் கிணற்றைப் போய்ச் சேரும் என்று மேலே நின்று பார்த்துச் சொல்லவும் முடியாது.

குப்பைத்தண்ணீர் கிணற்றில் கலந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? வேறு ஊரில் என்றால் உப்பு ஏறுவதுதான் முதல் அடையாளம். குளோரைடு பாறையிலும் மண்ணிலும் ஒட்டாது, எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிவந்து சேரும். திருப்பூரில் அந்த அடையாளம் பயன்படுவதில்லை, ஏனென்றால் சாயப்பட்டறைகள் கொட்டிய உப்பு ஏற்கெனவே இந்த நிலத்தில் இருக்கிறது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்த உப்பு அது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் அந்த ஓட்டம் அடங்கியது. ஆகவே இங்கே பார்க்க வேண்டியது அம்மோனியாவையும் கரைந்திருக்கும் கரிமப் பொருளையும். சாய உப்பில் இவை அதிகம் இருக்காது, அழுகிய சோற்றிலும் காய்கறியிலும் இருக்கும். ஆய்வுக்கூடத்துக்குப் போகாதவர்கள் கண்ணாலும் மூக்காலும் அறிகிறார்கள். மோட்டார் போட்டு அரைமணி நேரம் ஓடியபின்பும் தண்ணீர் ஆறிய டீ நிறத்தில் வந்தால், பக்கெட்டில் நுரை தங்கினால், ஒரு இரவு மூடி வைத்துக் காலையில் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், சந்தேகப்பட வேண்டும். அந்த நிலையில் குப்பை கொட்டுவதை அன்றே நிறுத்தினாலும் கிணறு உடனே தெளியாது. குழிக்குள் இருப்பது பல பத்தாண்டுகளுக்குக் கசிந்துகொண்டிருக்கும்.

நெருப்பெரிச்சலுக்குக் கிழக்கே, அதிகத் தூரத்தில் இல்லை, நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று, 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். ஒரு குளத்தை உலகம் காக்க வேண்டிய நீர்நிலை என்று ஏற்றுக்கொண்டபின் அதன் சுற்றுவட்டாரத்தில் எங்கே எதைக் கொட்டுகிறோம் என்பதும் அந்தக் குளத்தின் விஷயமாகிவிடுகிறது.

கொட்டியதைத் திரும்ப எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். குப்பைமேட்டை வெட்டி, சலித்து, மண் தனி பிளாஸ்டிக் தனி என்று பிரித்து இடத்தை மீட்கும் பயோமைனிங் இப்போது தமிழகத்தின் பல நகரங்களில் நடக்கிறது. சமதரையில் குவிந்த மேட்டுக்கு அது சரியாக வரும். எந்திரம் பக்கத்தில் போய் நிற்கலாம், வெட்டிய குப்பையைப் பரப்பிக் காய வைக்கலாம். பாறைக்குழியில் குப்பை தண்ணீருக்கு அடியில், எண்பதடி ஆழத்தில் கிடக்கிறது. மேட்டில் போட்டதைத் திரும்ப எடுக்கலாம், குழியில் போட்டதை எடுப்பது அநேகமாக முடியாத காரியம்.

2025இல் இந்தக் கதை தெருவுக்கு வந்தது. நெருப்பெரிச்சல் பாறைக்குழிக்கு வந்த குப்பை லாரிகளை மக்கள் மறித்தார்கள். வடக்கே பொங்குபாளையம் பக்கத்துக் காளம்பாளையத்தில் எதிர்ப்பு எழுந்தது. முதலிபாளையத்தில் எழுந்தது. மேற்கே இடுவாய் ஊராட்சியின் சின்னக்காளிபாளையத்தில் ஆண்டுக் கடைசியில் அது பெரும் போராட்டமாயிற்று. ஒவ்வொரு ஊரும் சொன்னது ஒன்றையே: எங்கள் கிணற்றில் வேண்டாம். லாரிகள் போக இடமில்லாத நாள்களில் நகரத் தெருக்களில் மூட்டைகள் குவிந்தன, நாய்கள் கிழித்தன, சில இடங்களில் கொளுத்தினார்கள். லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு அந்தப் புகையிலிருந்து ஒதுங்கிப் போக இன்னொரு அறை கிடையாது. பாறைக்குழியை எதிர்த்த ஊர்க்காரர் மேலும் எனக்குக் குறை இல்லை, தெருவில் மூட்டையை வைத்துவிட்டுப் போன தொழிலாளி மேலும் குறை இல்லை.

அப்படியானால் இன்னும் தள்ளிக் கொண்டுபோகலாமே என்பார்கள். இதையும் கணக்கில் பார்க்கலாம். 700 டன்னை எட்டு டன் லாரிகளில் ஏற்றினால் நாளுக்கு 88 நடை. கொட்டும் இடம் பத்து கிலோமீட்டரில் இருந்தால், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்வர ஒரு மணி நேரம். எடை போட, வரிசையில் நிற்க, கொட்ட இன்னும் அரைமணி. எட்டு மணி நேர வேலையில் ஒரு லாரி ஐந்து நடை அடிக்கும், பதினெட்டு லாரிகள் போதும். அதே இடம் முப்பது கிலோமீட்டருக்குத் தள்ளிப்போனால் ஒரு நடைக்கு மூன்றரை மணி நேரம், ஒரு நாளில் இரண்டே நடை. இப்போது நாற்பத்து நான்கு லாரிகள் வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஷிப்டு விடும்போது அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு, இருபது கிலோமீட்டர் வேகம்கூட ஆசைதான் என்று தெரியும். ஏற்றிச் செல்வதில் ஒரு பெரும் பங்கு என்ன? தண்ணீர். சமையற்கட்டுக் குப்பையின் எடையில் பத்தில் ஆறேழு பங்கு ஈரம். முருங்கைக்காய்ச் சக்கையிலும் சாதத்திலும் இருக்கிற தண்ணீரை டீசல் போட்டு முப்பது கிலோமீட்டர் இழுத்துச் சென்று, அங்கே இன்னொருவர் கிணற்றில் கசிய விடுகிறோம்.

ஈரத்தை இங்கேயே வைத்துக்கொள்வதுதான் வழி என்று எல்லோருக்கும் தெரியும். வார்டுகளில் நுண்ணுரக் கூடங்கள் கட்டியதன் காரணமும் அதுவே. அங்கே வரும் மக்கும் குப்பையை முதலில் கையால் பிரித்து, எந்திரத்தில் பொடிசாக நறுக்கி, செங்கல் தொட்டியில் படுகை படுகையாகப் போடுகிறார்கள். நடுவே சாணிக்கரைசலோ பழைய உரமோ தெளிக்கிறார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும், 55 முதல் 65 டிகிரி வரை. அந்தச் சூட்டில்தான் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகும். ஏறவில்லை என்றால் குப்பை காய்ந்திருக்கிறது அல்லது அளவுக்கு மேல் நனைந்திருக்கிறது. கைப்பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் நாலு சொட்டு துளிர்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம், ஒட்டாமல் உதிர்ந்தால் குறைவு. ஒழுகுகிற தொட்டியில் காற்றுப் போகாது, புளித்து நாறும். அந்த நாற்றம்தான் அக்கம்பக்கத்தாரைப் போராட வைக்கிறது, கூடத்துக்குப் பூட்டுப் போட வைக்கிறது. சருகோ தேங்காய் நாரோ சேர்த்துக் கிளறிவிட்டால் இரண்டு நாளில் நாற்றம் அடங்கும். ஆனால் சருகை முன்கூட்டியே சேர்த்து வைக்கக் கூடத்தில் இடம் வேண்டும். அநேகமாக இருப்பதில்லை.

இப்படிப்பட்ட கூடம் ஒன்று நாளுக்கு ஐந்து டன் வாங்கும். நகரக் குப்பையில் பாதி ஈரக்குப்பை என்று வைத்தால் 350 டன், எழுபது கூடங்கள் வேண்டும். மாநகராட்சியில் அறுபது வார்டுகள். வார்டுக்கு ஒன்று போட்டாலும் பத்துக் குறைகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நீளநீளமான குவியல்களாகப் போடலாம் என்றால், 45 நாள் குப்பை ஒரே சமயத்தில் களத்தில் கிடக்கும். மக்கும்போது சுருங்குவதைக் கழித்து, குவியல்களுக்கு நடுவே வண்டி போகும் வழியைச் சேர்த்தால், களம் மட்டும் எட்டு ஒன்பது ஏக்கர். சலிக்க, ஆறவைக்க, மழைக்கு மூட இன்னொரு பங்கு வேண்டும். அப்புச்சியின் தோட்டமே நாலு ஏக்கர்தான். அது இப்போது சைட்டுகளாகி, சைட்டு ஒவ்வொன்றிலும் நாலு லைன் வீடு நிற்கிறது.

கேரளத்தின் ஆலப்புழையில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. 2012இல் சர்வோதயபுரம் மக்கள் நகரத்தின் குப்பை லாரிகளை மறித்தபோது, வேறு இடம் தேடாமல், ஈரக்குப்பையை வீட்டிலேயே குழாயிலும் சிறு எரிவாயுக் கலத்திலும் மக்க வைக்க நகராட்சி உதவியது. வீட்டில் இடமில்லாதவர்களுக்குத் தெருவோரம் காற்றோட்டமான பெட்டிகள் வைத்தது. நான் இந்த விடையை மதிக்கிறேன். ஆனால் ஆலப்புழை வீட்டுக்குப் பின்னால் தென்னையும் ஒரு துண்டு மண்ணும் இருக்கும். நெருப்பெரிச்சல் லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறை, வாசலில் ஒரு முழ அகலத் திண்ணை. அதில் சிலிண்டரும் செருப்பும் குடமும் இருக்கின்றன. ஒரு வாளியே வைக்க முடியாத இடத்தில் பச்சை வாளி, நீல வாளி என்று இரண்டை எங்கே வைப்பது? ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஆறு பேராக அறை எடுத்திருக்கும் பையன்கள் இரவுப்பணி முடிந்து தூங்கும் நேரத்தில்தான் பேட்டரி வண்டி வருகிறது. லைன் வீட்டுக்காரர்கள் தரம் பிரிப்பதில்லை என்று குறைசொல்கிறவர்கள் அந்தத் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை கட்டித் தருகிற வீட்டுக்காரர், பத்து வீட்டுக்குப் பொதுவாக இரண்டு டிரம் வைக்க ஆறடி இடம் விட வேண்டும் என்று கட்டட அனுமதியிலேயே எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மாசியில் ஒரு நுண்ணுரக் கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் கடைசித் தொட்டியைத் திறந்து காட்டினார். சலித்த உரம் கறுப்பாக, வாசனை மழைக்கு முந்திய காட்டு மண் போல இருந்தது. வாவிபாளையம் பக்கம் இன்னும் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், டி.வி.எஸ். வண்டியில் இரண்டு சாக்கோடு வந்திருந்தார்.

"அம்மிணி, கண்ணாடி கிடக்காதே? போன தடவ களையெடுக்க வந்தவளுக்குக் காலு கிழிஞ்சு போச்சு."

"இல்லீங்கய்யா, இப்ப ரெண்டு தடவ சலிக்கறனுங்க. நீங்களே கைய விட்டுப் பாருங்க."

அவர் சாக்குக்குள் முழங்கை வரை கைவிட்டு, மெதுவாகக் கிளறினார். கண்ணாடி இல்லை. எடுத்த கையில் மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய நூல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. பருத்தி மக்கிப் போய், லைக்ரா மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் அதைப் பிரித்து எடுத்து, கீழே போட மனமில்லாமல், கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாக்கின் வாயைக் கட்டினார்.